எத்தனை ஆண்டு அப்டேட் வரும்? 2024-இல் வந்த 4 போன்களை வைத்து ஒரு கணக்கு

2024 ஜூன் முதல் அக்டோபருக்குள் இந்தியாவில் அடுத்தடுத்து நான்கு போன்கள் விற்பனைக்கு வந்தன. ஜூனில் ஒன்பிளஸ் நார்ட் சிஇ4 லைட், ஆரம்ப விலை 19,999 ரூபாய். ஜூலையில் சிஎம்எஃப் போன் 1, 15,999 ரூபாய். அதே ஜூலையில் மோட்டோ ஜி85, 17,999 ரூபாய். அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி, 18,999 ரூபாய். கேமரா, திரை, சார்ஜிங் வேகம் என்று இந்த நான்கையும் ஒப்பிட்டு எத்தனையோ வீடியோக்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் கடைசி அரை நிமிடத்தில் மட்டும் வரும் ஒரு தகவலைத்தான் இங்கே முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இந்த போன்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த ஆண்டு வரை வரும்?

வெளியானபோது நிறுவனங்கள் சொன்ன கணக்கு இது. சிஎம்எஃப் போன் 1-க்கும் நார்ட் சிஇ4 லைட்டுக்கும் 3 ஆண்டு. மோட்டோ ஜி85-க்கு 4 ஆண்டு. கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 ஆண்டு. விலையில் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் ஒன்றின் ஆயுள் இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு. இதைத் தெரிந்துகொண்டு 3 ஆண்டு போனை வாங்குவதில் தவறே இல்லை. தெரியாமல் வாங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விளம்பரத்தில் ‘2 ஓஎஸ் அப்டேட், 3 ஆண்டு செக்யூரிட்டி அப்டேட்’ என்று இரண்டு எண்கள் வரும். ஓஎஸ் அப்டேட் என்பது ஆண்ட்ராய்டு 14-இலிருந்து 15, 15-இலிருந்து 16 என்று மாறுவது. புதிய தோற்றம், புதிய வசதிகள் அதில் வரும். வராவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. பாதுகாப்பு அப்டேட்டில் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மாறாது. யாரோ கண்டுபிடித்த ஓட்டைகளை அது அடைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். இரண்டு எண்ணில் போனின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். விற்பனையாளர்கள் முதலாவதைத்தான் அழுத்திச் சொல்வார்கள், ஏனென்றால் அதைத்தான் காட்ட முடியும்.

ஆண்ட்ராய்டில் இந்த ஓட்டை அடைப்பு ஒரு மாதாந்திர வழக்கமாக ஆனது 2015 ஆகஸ்டில். அதற்கு முந்தைய மாதம் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை வெளியே வந்தது. வில்லங்கமான ஒரு வீடியோவை எம்எம்எஸ்ஸில் அனுப்பினாலே போதும், அதைத் திறக்காமலேயே போன் தாக்குதலுக்கு ஆளாகலாம் என்ற நிலை. அதன்பின் கூகுள் மாதம்தோறும் ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. அந்த மாதம் எந்தெந்த ஓட்டைகள் அடைபட்டன, ஒவ்வொன்றும் எவ்வளவு தீவிரம் என்று அதில் பட்டியல் இருக்கும். போன் நிறுவனங்களுக்கு அந்தத் தகவல் ஒரு மாதமாவது முன்பே போய்விடும். அவர்கள் தங்கள் போனுக்கு ஏற்றபடி அதைச் சேர்த்து, சோதித்து, நமக்கு அனுப்ப வேண்டும்.

இந்தப் பட்டியல் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. அப்டேட் வருகிற போனுக்கு அது மருந்துப் பட்டியல். அப்டேட் நின்றுபோன போனுக்கு, அதே பட்டியல் இனி ஒருபோதும் அடைபடாத ஓட்டைகளின் பட்டியலாகிவிடுகிறது. அடைத்த நிரலை எடுத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். அதனால் கெடு முடிந்த போன், முடிந்த நாளில் இருந்த நிலையிலேயே நிற்பதில்லை. மாதம் ஏற ஏற அதன் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது.

ஒரே ஒரு ஓட்டையைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் புரியும். 2023 டிசம்பரில் CVE-2023-45866 என்ற எண்ணில் ஒரு புளூடூத் ஓட்டை வெளியானது. புளூடூத் கீபோர்டை போனோடு இணைக்கும்போது, இணைக்கலாமா என்று போன் நம்மைக் கேட்க வேண்டும். இந்த ஓட்டை இருந்தால் கேட்காது. புளூடூத் ஆன் செய்திருந்தாலே போதும், பக்கத்தில் இருக்கும் ஒருவர் தன் கருவியைக் கீபோர்டு மாதிரி காட்டிக்கொண்டு நம் போனுக்குள் விசைகளை அழுத்தலாம். ஆப்பைத் திறப்பது, செய்தி தட்டுவது, அனுப்புவது என்று விரல் இல்லாமலே செய்யலாம். பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும் இடத்தில் மட்டும் அவரால் தாண்ட முடியாது.

அந்த மாத அப்டேட்டில் ஆண்ட்ராய்டு 11 முதல் 14 வரை இதற்கு அடைப்பு வந்தது. ஆண்ட்ராய்டு 10-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் வரவில்லை. இனியும் வராது. ஆண்ட்ராய்டு 11, 12-இல் ஓடினாலும் நிறுவனம் ஏற்கெனவே கைவிட்டிருந்த போன்களுக்கும் வந்து சேரவில்லை. இன்று அப்படி ஒரு போனைப் பையில் வைத்துக்கொண்டு, காதில் புளூடூத் இயர்போனோடு பேருந்தில் போகிறவர் எத்தனையோ பேர். அவர்கள் போனில் எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. போன் நன்றாகத்தான் ஓடுகிறது. அதுதான் இதில் உள்ள சிக்கல்: கெட்டுப்போன பேட்டரி காட்டிக்கொடுத்துவிடும், நின்றுபோன அப்டேட் காட்டிக்கொடுக்காது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பிளே ஸ்டோரில் ஆப்புகள் அப்டேட் ஆகிக்கொண்டேதான் இருக்கின்றனவே, அது போதாதா? ஓரளவு உதவும். குரோம், ஆப்புகளுக்குள் வலைப்பக்கம் காட்டும் வெப்வியூ இரண்டும் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு 10-இலிருந்து சிஸ்டத்தின் சில பகுதிகளையும் கூகுள் நேரடியாகவே அனுப்புகிறது. செட்டிங்ஸில் Google Play system update என்று தனியாக ஒரு தேதி தெரிவது அதுதான். கெடு முடிந்த மறுநாளே போன் ஆபத்தான பொருளாகிவிடாததற்கு இதுவே காரணம்.

ஆனால் ஆண்ட்ராய்டின் அடிமட்ட மென்பொருளான கெர்னல், கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள், சிக்னலைக் கையாளும் மோடம் மென்பொருள் ஆகியவை அந்த வழியில் வராது. ஒரு ஆப் தன் எல்லையைத் தாண்டி போன் முழுவதையும் கைப்பற்ற, பெரும்பாலும் இந்த அடித்தளத்தில் உள்ள ஓட்டைதான் வழி. இவற்றை நிறுவனம் அனுப்பினால்தான் உண்டு. பிளே ஸ்டோர் உதவிக்கும் எல்லை இருக்கிறது. 2025-இல் வந்த குரோம் 138 தான் ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் கடைசிப் பதிப்பு. அந்த போன்களில் இனி பிரவுசரும் பழையதாகவே நிற்கும்.

வங்கி ஆப்புகள் பக்கமும் இது வரத் தொடங்கிவிட்டது. ஒரு போனை நம்பலாமா என்று ஆப்புகள் கூகுளிடம் கேட்க ஒரு ஏற்பாடு உண்டு. பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-உம் அதற்கு மேலும் உள்ள போன்கள் அதில் உயர்ந்த மதிப்பைப் பெற வேண்டுமானால், கடந்த ஓராண்டுக்குள் பாதுகாப்பு அப்டேட் பெற்றிருக்க வேண்டும். அந்த உயர்ந்த மதிப்பைக் கேட்பதா, கீழ்ப்படியோடு விட்டுவிடுவதா என்பது ஒவ்வொரு வங்கியின் விருப்பம். கேட்க முடிவு செய்தால், அப்டேட் நின்று ஓராண்டு ஆன போனில் அந்த ஆப் மறுக்கலாம்.

பயமுறுத்தவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் நடக்கும் பண மோசடிகளில் பெரும்பகுதிக்கு இப்படிப்பட்ட ஓட்டை எதுவும் தேவையில்லை. ஓடிபி கேட்டு வாங்குகிறார்கள், கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்ஆப்பில் ஏபிகே கோப்பை அனுப்பி நம்மையே நிறுவ வைக்கிறார்கள். புத்தம் புதிய போனிலும் அது நடக்கும். அப்டேட்டால் அதைத் தடுக்க முடியாது. வித்தியாசம் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அப்டேட் ஆன போனில் அந்தப் போலி ஆப், நாம் கொடுத்த அனுமதிகளை வைத்துத்தான் ஆட முடியும். அடித்தளத்தில் தெரிந்த ஓட்டை திறந்திருக்கும் போனில், நாம் கொடுக்காத அனுமதிகளையும் அது எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது.

சரி, நிறுவனங்கள் ஏன் நிறுத்துகின்றன? புது போன் விற்க வேண்டும் என்பது ஒரு காரணம்தான். இன்னொன்று சிப். போனுக்குள் இருக்கும் ப்ராசஸர் பல போன்களில் குவால்காமுடையதோ மீடியாடெக்குடையதோ ஆக இருக்கும். அதன் டிரைவர்களைத் திருத்தும் உரிமையும் வசதியும் அந்தச் சிப் நிறுவனத்திடம்தான் பெரும்பாலும் உண்டு. அவர்கள் ஒரு சிப்பைக் கைவிட்டால் போன் நிறுவனம் நினைத்தாலும் எல்லா ஓட்டையையும் அடைக்க முடியாது. 2020-இல் குவால்காம் 4 ஆண்டு பாதுகாப்பு அப்டேட்டுக்கு வழி செய்வதாக அறிவித்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கூகுளும் சேர்ந்து, ஸ்னாப்டிராகன் 8 எலைட்டில் தொடங்கி 8 ஆண்டு வரை என்று உயர்த்தின. ஆனால் அது வழி மட்டுமே. அந்தச் சிப்பைப் போட்ட போனுக்கு 8 ஆண்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்தச் சங்கிலி எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு 2022-இல் நல்ல உதாரணம் கிடைத்தது. மாலி கிராஃபிக்ஸ் சிப்பில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு 5 ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னது. மாலியை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் ஜூலை, ஆகஸ்டிலேயே அடைத்துக் கொடுத்துவிட்டது. நவம்பரில் அந்தக் குழு தன்னிடம் இருந்த மாலி போன்களைச் சோதித்துப் பார்த்தால், ஒன்றில்கூட அந்த அடைப்பு வந்து சேரவில்லை. அவை அப்டேட் வந்துகொண்டிருந்த போன்கள்!

இப்போது அந்த நான்கு போன்களுக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் ஏமாறும் இடம் இருக்கிறது. ‘3 ஆண்டு’ என்று சொன்னால் நாம் வாங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறோம். நிறுவனங்கள் அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகின்றன. மருந்து அட்டையில் உள்ள காலாவதித் தேதி மாதிரிதான் இது. நாம் என்றைக்கு வாங்கினாலும் அது மாறாது. ஒரே ஒரு குறை, மருந்து அட்டையில் தேதி அச்சடித்திருக்கும், போன் பெட்டியில் இருக்காது.

ஒருவர் 2025 தீபாவளி சமயத்தில், அதாவது அக்டோபரில், இந்த நான்கில் ஒன்றை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நார்ட் சிஇ4 லைட்டின் 3 ஆண்டு 2027 ஜூனில் முடிகிறது. அவருக்கு மிச்சம் 20 மாதம். சிஎம்எஃப் போன் 1-க்கு 2027 ஜூலை, 21 மாதம். மோட்டோ ஜி85-க்கு 2028 ஜூலை, 33 மாதம். கேலக்ஸி ஏ16-க்கு 2030 அக்டோபர். முழுதாக 60 மாதம். புதுப் பெட்டி, சீல் உடைக்காத போன், ஆனால் முதல் இரண்டும் இரண்டு ஆண்டுகூடத் தாண்டாது.

இதை ரூபாயாக்கிப் பார்த்தால் முடிவு எடுப்பது சுலபம். நான்கும் பண்டிகைத் தள்ளுபடியில் 15,000 ரூபாய்க்குக் கிடைத்தன என்று பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பான ஒரு மாதத்துக்கு நார்ட் சிஇ4 லைட்டில் 750 ரூபாய், சிஎம்எஃபில் 714, மோட்டோவில் 455, ஏ16-இல் 250 ஆகிறது. வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு இந்த இடைவெளி இவ்வளவு இல்லை: அதே வரிசையில் 556, 444, 375, 264. பாருங்கள், முதல் மூன்றிலும் தள்ளுபடியில் வாங்கியவர்தான் மாதத்துக்கு அதிகம் கொடுக்கிறார். குறுகிய கெடு உள்ள போனைத் தாமதமாக வாங்கினால் தள்ளுபடி கெடுவிலேயே கரைந்துபோகிறது. நீண்ட கெடு உள்ள போனில் ஓராண்டு காத்திருந்து வாங்கினாலும் பெரிதாக இழப்பதில்லை.

கடையில் இதைக் கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். என் அத்தைக்கு போன் வாங்கப் போன இடத்தில் “அண்ணே, இதுக்கு செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருஷம் வரும்?” என்று கேட்டேன். “ஒரு வருஷம் வாரண்டி இருக்கு சார், ஸ்க்ரீனுக்குத் தனியா எக்ஸ்டெண்டட் போட்டுக்கலாம்” என்றார் அந்த அண்ணன். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியில் இல்லாத தகவல், அவருக்குப் பயிற்சியிலும் சொல்லித் தராத தகவல். நிறுவனத்தின் வலைத்தளத்தில் அந்த மாடலின் பக்கத்திலோ, வெளியீட்டு அறிவிப்பிலோ தேடித்தான் எடுக்க வேண்டும்.

தேடும்போது பிராண்டை வைத்து முடிவு செய்துவிடக்கூடாது. நார்ட் சிஇ4 லைட்டுக்கு 3 ஆண்டு கொடுத்த அதே ஒன்பிளஸ், அடுத்த மாதமே வந்த நார்ட் 4-க்கு 6 ஆண்டு கொடுத்தது. சிஎம்எஃப் போன் 1-க்கு 3 ஆண்டு, 2025-இல் வந்த சிஎம்எஃப் போன் 2 ப்ரோவுக்கு 6 ஆண்டு. சாம்சங்கில் ஏ16-க்கு 6 ஆண்டு என்றால், அதே 2024-இல் அதைவிட அதிக விலைக்கு வந்த ஏ35, ஏ55 இரண்டுக்கும் 5 ஆண்டுதான். மாடலுக்கு மாடல் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்படியானால் எல்லோரும் ஏ16 வாங்கிவிட வேண்டியதுதானா? அப்படிச் சொல்ல மாட்டேன். சிஎம்எஃப் போன் 1-இல் உள்ள டைமென்சிட்டி 7300 ப்ராசஸர் ஏ16-இல் உள்ளதைவிடத் தெளிவாகவே வேகமானது. நார்ட் சிஇ4 லைட் 80 வாட்டில் சார்ஜ் ஆகும், ஏ16 25 வாட்டில்தான். கேம் ஆடுகிற கல்லூரி மாணவருக்கு, இரண்டரை ஆண்டில் எப்படியும் போனை மாற்றிவிடுகிறவருக்கு, வெளியான உடனே வாங்கினால் 3 ஆண்டு கெடு போதும். அவருக்கு ஏ16-இன் கடைசி 3 ஆண்டு எதற்கும் பயன்படாது. அந்த ஆண்டுகளுக்காக இன்று மெதுவான போனோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை.

அதேபோல், 6 ஆண்டு அப்டேட் வருவதால் 6 ஆண்டும் போன் இன்றுபோல் ஓடும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. விலை குறைந்த போனின் ப்ராசஸர் இன்றைக்கே போதுமான அளவுக்குத்தான் இருக்கிறது. நான்காவது ஆண்டிலிருந்து ஆப்புகள் திறக்க நேரமெடுக்கும். பேட்டரியை இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். நான் ஏ16-ஐப் பரிந்துரைப்பது வேறு ஒரு கூட்டத்துக்கு: வாட்ஸ்ஆப், யூடியூப், ஜிபே, பேத்தியோடு வீடியோ கால், இவ்வளவுதான் உபயோகம், உடையும்வரை மாற்றப் போவதில்லை என்கிற அம்மா, அப்பா, அத்தை. அவர்கள் 5 ஆண்டு, 6 ஆண்டு கண்டிப்பாக வைத்திருப்பார்கள். பென்ஷன் பணம் வரும் கணக்கும் அந்த போனில்தான் இருக்கும். அவர்களுக்குப் போய் நாம் ‘கேமரா நல்லா இருக்கு’ என்று 20 மாத ஆயுள் உள்ள போனை வாங்கிக் கொடுக்கிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செகண்ட்ஹேண்ட் பக்கம் போனால் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. அதே பணத்துக்குப் பழைய உயர்ரக போன் கிடைக்கும், கேமராவும் திரையும் ஏ16-ஐவிடப் பல படி மேல். கேலக்ஸி எஸ்21-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் வந்தது, 5 ஆண்டு கெடு. 2026 தொடக்கத்தோடு முடிகிற கணக்கு. கையில் எடுத்துப் பார்த்தால் மனசு அதில்தான் நிற்கும், ஆனால் இந்தக் கட்டுரையின் கணக்குப்படி அதன் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. எஸ்24 வரிசையிலிருந்துதான் சாம்சங் 7 ஆண்டு என்று மாற்றியது. அது 2024 ஜனவரியில் வந்ததால் 2031 வரை போகும். கூகுள் பிக்சலில் அந்த மாற்றம் 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பிக்சல் 7-க்கு 5 ஆண்டு, 2027 அக்டோபர் வரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஓராண்டு வித்தியாசத்தில் வந்த இரண்டு போன். முடிவுத் தேதியில் 3 ஆண்டு இடைவெளி. பழைய பிக்சல் வாங்குகிறவர் 8-க்குக் கீழே இறங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பழைய ஐபோன் தனிக் கதை. ஆப்பிள் தேதி சொல்வதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் குறைந்தபட்சக் காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்ததால், ஐபோன் 15 ப்ரோ மேக்ஸுக்குக் குறைந்தது 5 ஆண்டு என்று அறிவித்தது. நடைமுறையில் கொடுப்பது அதைவிடக் கூடுதல். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிய ஐஓஎஸ் பதிப்பு கிடைக்காமல் பின்தங்கிய ஐபோனுக்கு, தெரிந்த எல்லா ஓட்டைகளையும் அடைப்பதாக ஆப்பிள் சொல்வதில்லை. மிகத் தீவிரமானவை மட்டும் அவ்வப்போது வரும். அதனால் பழைய ஐபோனில் நான் பார்ப்பது கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்பதை விட, இப்போதைய ஐஓஎஸ் அதில் ஓடுகிறதா என்பதைத்தான். 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் 2025 செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வந்தபோது வெளியே போயின. ஏழு ஆண்டு. அந்தப் போக்கை வைத்து 2020-இல் வந்த ஐபோன் 12-க்கு எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்கலாம். எழுத்தில் உறுதி கிடையாது.

எத்தனை ஆண்டு என்பதோடு எவ்வளவு அடிக்கடி என்பதையும் பார்க்க வேண்டும். சாம்சங் தன் பாதுகாப்புத் தளமான security.samsungmobile.com-இல் மாடல்களை மூன்று வகையாகப் போட்டு வைத்திருக்கிறது: மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு இருமுறை. மாடல் பழசாகப் பழசாக ஒரு வகையிலிருந்து அடுத்ததுக்கு இறங்கி, கடைசியில் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். உங்கள் மாடல் எங்கே நிற்கிறது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது முன்பு எனக்குக் குறையாகத் தெரிந்தது. இப்போது அவ்வளவு இல்லை. 2025-இலிருந்து கூகுளே மிக அவசரமானவற்றை மட்டும் மாதாமாதம் கொடுத்துவிட்டு, மற்றவற்றைக் காலாண்டு அறிக்கைகளில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. 2025 ஜூலை அறிக்கையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

கையில் இருக்கும் போனைச் சோதிக்க, செட்டிங்ஸில் About phone திறந்து Android version-ஐத் தொடுங்கள். சாம்சங்கில் Software information. அங்கே Android security update அல்லது Android security patch level என்று ஒரு தேதி இருக்கும். அது அப்டேட் வந்த தேதி இல்லை, எந்த மாதம் வரையிலான ஓட்டைகள் அடைபட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும் தேதி. அதில் நாள் 1 அல்லது 5 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 1 என்றால் ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிகள் மட்டும். 5 என்றால் கெர்னலும் சிப் டிரைவர்களும் சேர்த்து. செகண்ட்ஹேண்ட் போன் வாங்கும்போது இதை அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள். வைஃபையில் இணைத்து, அப்டேட் இருக்கிறதா என்று தேடச் சொல்லி, “இதுதான் கடைசி” என்று வந்த பிறகும் தேதி 6 மாதத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால், கெடு முடிந்துவிட்டது அல்லது முடியப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஐரோப்பிய ஒன்றியம் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கான விதி, அப்டேட் கிடைக்க வேண்டிய 5 ஆண்டை அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ணுகிறது. கடைசிப் பெட்டியை வாங்கியவருக்கும் 5 ஆண்டு. தீபாவளிக் கணக்கில் நாம் பார்த்த 20 மாதப் பிரச்சினை அந்த ஒரு வரியில் தீர்ந்துவிடுகிறது. இந்தியாவில் வாங்குகிறவர் அதை நம்பி இருக்க முடியாது. இங்கே வெளியான தேதியை நாமே தேடி, நாமே கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

கெடு முடிந்த போன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் உடனே தூக்கிப்போடத் தேவையில்லை. வங்கி ஆப், யுபிஐ, ஓடிபி வரும் சிம், முக்கிய ஜிமெயில் கணக்கு ஆகியவற்றை அதிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் பாட்டுக் கேட்கவோ, பிள்ளைகள் பாட வீடியோ பார்க்கவோ வைத்துக்கொள்ளலாம். புளூடூத்தைத் தேவைப்படும்போது மட்டும் ஆன் செய்யுங்கள், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாதீர்கள். பணம் புழங்கும் போனுக்குப் பட்ஜெட் 18,000 ரூபாய்தான் என்றால், 5 ஆண்டுக்கு மேல் வைத்திருக்கப் போகிறவருக்கு ஏ16 அல்லது சிஎம்எஃப் போன் 2 ப்ரோ மாதிரி 6 ஆண்டு உள்ள மாடலைத் தேடுங்கள். இரண்டில் வேகம் வேண்டுமென்றால் பின்னது. மோட்டோ ஜி85 மாதிரி 4 ஆண்டு உள்ளது, வெளியாகி ஆறு மாதத்துக்குள் வாங்கினால் சரி. 3 ஆண்டு உள்ளதை, வந்த புதிதில் வாங்கி இரண்டரை ஆண்டில் மாற்றுகிறவர் மட்டும் எடுக்கலாம்.